வெறுங்கையோடு வருகிறவர்கள்

சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால் அவர் என் அப்பா இல்லை, விசா அதிகாரி. கொஞ்ச நாளாகவே மாலையில் இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வேலை விட்டு வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்து, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, "அடுத்தது" என்பார். நான் சமையலறை வாசலிலிருந்து நடந்து வந்து மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. அங்கே நிற்க வைத்துத்தான் கேட்பார்களாம்.

அப்பா நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து, சாட்சிகள் சத்தியம் செய்வதையும், சத்தியம் செய்த கையோடு பொய் சொல்வதையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்து வருகிறவர். நல்ல சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு மூன்றே விதிகள். கேட்டதற்கு மட்டும் பதில். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது. இந்த மூன்றும் இருந்தால் எந்த வக்கீலாலும் அசைக்க முடியாது என்பார். கேள்விகள் கோர்ட் ஆங்கிலத்தில் வரும். திட்டு மட்டும் நம் பாஷையில்.

எந்தப் பல்கலைக்கழகம்? ஏன் அது? செலவை யார் ஏற்கிறார்கள்? இவை எனக்குச் சுலபம். நிலத்தடி நீர் வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. துறையே கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஆய்வகத்தில் உதவியாளர் வேலையும் தருவதாக எழுதியிருந்தது. குறித்த தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அந்த அடுத்தவர் எந்த ஊரில் எந்த மேசைக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறாரோ என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

கஷ்டம் கடைசிக் கேள்வியில்தான் இருந்தது. படிப்பு முடிந்ததும் திரும்பி வருவீர்களா?

மாணவர் விசாவுக்கு அதுதான் உயிர்நாடி. திரும்பி வரமாட்டோம் என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் போதும், மதிப்பெண், கடிதம், உதவித்தொகை எல்லாம் செல்லாக்காசு. அப்பா எழுதித் தந்த பதில் இது: வருவேன், எங்கள் நகர நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் செய்யும் வேலையைத் தொடர்வேன், என் தந்தை இங்கே தனியாக இருக்கிறார். நான் அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். மேசை விரிப்பைப் பார்த்தபடி உதடு அசையக் கூடவே சொல்லிக்கொண்டு வருவார். எட்டு வருடங்களுக்கு முன்னால் இதே மேசைக்கு முன்னால் என் அண்ணனும், கடைசி வரி நீங்கலாக, இதே பதிலைச் சொன்னான். நான் அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வரவில்லை.

முதலில் முனைவர் பட்டம், அப்புறம் மேல் ஆராய்ச்சி, அப்புறம் ஒரு நிறுவனத்தில் ஆராய்ச்சி வேலை என்று ஒவ்வொரு படியிலும் 'இது மட்டும் முடியட்டும்' என்றான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. அம்மா நோயில் விழுந்தபோது இங்கே கிடைக்காத மருந்தை அவன் அங்கிருந்து அனுப்பினான். அந்த மருந்துதான் அம்மாவை இரண்டு வருடம் எங்களோடு இருக்க வைத்தது. மழைக்கு ஒழுகிய கூரை ஒழுகாமல் நின்றதும் அவனால்தான். ஆனால் அம்மா போனபோது அவன் திரையில்தான் இருந்தான். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்றான். செல்பேசியை யாரோ ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். அவருக்குக் கை வலித்தபோது இன்னொருவர் வாங்கிக்கொண்டார்.

எங்கள் தெருவில் இது புதிதல்ல. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். பிள்ளைகள் மூவரும் மூன்று நாட்டில். வாசல் கேமராவைப் பார்த்து அவர் சண்டை போடுவது தெருவுக்கே பொழுதுபோக்கு. கேட்டைப் பூட்டவில்லை என்று கடல் கடந்து மகன் அதட்டுவான். "பூட்டத்தான் போறேன்டா, வந்து நீயே பூட்டேன்" என்று இவர் கேமராவைப் பார்த்துச் சொல்வார். பிள்ளைகளால் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாததுதான் குறை.

நான் வேலை செய்த பரிசோதனைக் கூடத்திலும் அண்ணனின் கதைதான் நின்றுகொண்டிருந்தது, ஒரு மேசை அளவுக்கு, இயந்திரமாக. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஃபுளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று திரையில் கோபுரம் கோபுரமாக வரைந்து காட்டும் இயந்திரம். அதை இயக்கப் பயிற்சி பெற்றவன், எனக்கு முன் அங்கே வேலை பார்த்த அண்ணன் ஒருவன்தான். அவன் போனதும் அதன்மேல் ஒரு உறை விழுந்தது. மாதிரிகள் தலைநகருக்குப் போயின. முடிவு திரும்பி வருவதற்குள் ஜனங்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து முடித்திருப்பார்கள். நகரத்தின் ஓரத்துப் பிள்ளைகளின் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை அந்தத் தாமதத்தின் கறைதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு உறையை எடுத்தோம். அண்ணன் அங்கிருந்து காணொளியில் சொல்லிக்கொடுத்தான். விடிகாலையில் எழுந்து, தன் வேலைக்குப் போவதற்கு முன்னால், பம்பில் புகுந்த காற்றுக்குமிழியை எப்படி வெளியேற்றுவது, திரையில் ஓடும் கோடு நேராகும்வரை எப்படிப் பொறுமையாகக் காத்திருப்பது என்று பல வாரம் சொல்லித் தந்தான். தேய்ந்துபோன உள்குழாய்க்குப் பதில் புதிதாக ஒன்றை வாங்கி, தெரிந்தவர் பெட்டியில் கொடுத்தனுப்பினான். இயந்திரத்தை நிறுத்தியவனும் அவன்தான், ஓட வைத்தவனும் அவன்தான். அந்த வருடம் நாலு கிணறுகளை மூட வைத்தோம்.

இப்போது நான் கிளம்புகிறேன்.

எங்கள் பொறுப்பாளரை எல்லோரும் மேடம் என்போம். எனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதியவர் அவர்தான். அதை என்னிடம் நீட்டியபோது, "சுமாரா எழுதலாம்னுதான் பாத்தேன். கை வரமாட்டேங்குது. நல்லா எழுதினா ஆள் போயிடுது, மோசமா எழுதினா தூக்கம் போயிடுது" என்றார். பிறகு, "உங்க வீட்ல இன்னும் யாராவது படிக்கிறாங்களா? முன்னாடியே சொல்லிடு" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார்.

திரும்பி வந்தால் எனக்கு வேலை உண்டு என்று ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். என்னுடையது ஒப்பந்தப் பணி. நான் போனதும் அந்த இடம் காலியாகும். காலி இடத்தை நிரப்ப அனுமதி கேட்டு எழுதினால், இத்தனை நாள் ஆளில்லாமல் ஓடியதே என்று இடத்தையே ரத்து செய்வார்கள். அண்ணனின் இடத்துக்கு அதுதான் நடந்தது. "திரும்பி வரச் சொல்லிக் கேக்கறாங்க. வந்தா எங்க உக்காரணும்னு யாரும் கேக்கறதில்ல" என்றார். அந்தக் கடிதத்தை அவர் தரவில்லை. பொய்யாக ஒரு வரி எழுத அவருக்கும் கை வரவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. அந்த நாட்டில் உங்கள் உடன்பிறந்தவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் எந்த நிலையில்? கட்டங்கள் வரிசையாக இருந்தன: குடிமகன், நிரந்தரக் குடியிருப்பாளர், தற்காலிக விசா. அப்பாவிடம் கேட்டேன். தற்காலிகம் என்று போடச் சொன்னார். அன்று காணொளியில் அண்ணனிடமும் கேட்டேன். திரையில் அவன் முகம் அப்படியே நின்றது; படம் உறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். "அப்பா சொன்ன மாதிரியே போடு பாப்பா" என்றான். படம் உறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

நேர்காணலுக்கு அப்பாவும் கூட வந்தார். தூதரகக் கட்டடத்துக்குள் விண்ணப்பதாரருக்கு மட்டும்தான் அனுமதி. எதிர்ச்சாரியில் ஒரு தேநீர்க்கடை. அதன் பெஞ்சில் பெற்றோர்களும் கணவன்மார்களும் அண்ணன் தம்பிகளும் வரிசையாக உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்திருந்தார்கள். கடைக்காரர்தான் அப்பாவுக்கு விவரம் சொன்னாராம். விசா கிடைத்தால் பாஸ்போர்ட்டை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள், ஒட்டி அனுப்ப. கிடைக்காவிட்டால் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே இந்தத் தெருவில் வெறுங்கையோடு வருகிறவன்தான் ஜெயித்தவன். கையில் பாஸ்போர்ட்டோடு வருகிறவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவனுக்குக் கடைக்காரர் பாதி விலையில் தேநீர் தருவார்.

உள்ளே சோதனை, பிறகு கைரேகை, பிறகு நீண்ட வரிசை. கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் அதிகாரி இளைஞர், என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். ஒலிபெருக்கியில் குரல் கரகரத்தது. எந்தப் பல்கலைக்கழகம், ஏன், யார் செலவு. அப்பா கேட்ட அதே வரிசை. என் குரல் நடுங்கவில்லை. திரும்பி வருவீர்களா என்று கேட்டார். வருவேன், எங்கள் நகர நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் செய்யும் வேலையைத் தொடர்வேன், என் தந்தை இங்கே தனியாக இருக்கிறார்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். மிக நன்றாகச் சொன்னீர்கள் என்றார். அந்தக் குரலில் பாராட்டு இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஒத்திகைகளை அவர் கேட்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே பதிலை ஒரே மாதிரி சொல்கிறவன் நீதிமன்றத்தில் நல்ல சாட்சி. இந்தச் சன்னலில் அவன் மனப்பாடம் செய்து வந்தவன்.

அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டார். ஆராய்ச்சி, தற்காலிக விசா என்றேன். அவர் திரையைத் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டு, சற்று மெதுவாக, என் அண்ணனுக்கு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைத்துப் பல மாதங்கள் ஆகின்றன என்றார். விண்ணப்பத்தில் தெரிந்தே தவறான தகவல் தந்தால் இந்த விசா மட்டுமல்ல, எந்த விசாவும் இனிக் கிடைக்காமல் போகலாம், அது எனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

அண்ணனின் அனுமதி பற்றி எனக்குத் தெரியாது என்றேன். அப்பாவின் மூன்றாவது விதி. அதுவும் உண்மையாகவே தெரியாது. ஆனால் என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. கூடப்பிறந்த அண்ணனைப் பற்றித் தெரியாது என்று ஒரு தங்கை சொன்னால் யார் நம்புவார்கள்? யார் சொல்லித் தற்காலிகம் என்று போட்டீர்கள் என்று கேட்டார். அப்பா என்றேன். சொன்னதும், அவரைக் காட்டிக்கொடுத்தது போலிருந்தது.

ஒரு சீட்டோடு பாஸ்போர்ட்டைச் சன்னலுக்குக் கீழே தள்ளினார். விண்ணப்பத்தைத் திருத்தி, தவறு எப்படி நேர்ந்தது என்பதற்கு எழுத்துப்பூர்வமான விளக்கத்தோடு மறுபடி வர வேண்டும். மறுப்பு இல்லை, அனுமதியும் இல்லை.

தெருவைக் கடந்தபோது அப்பா எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு கோப்பையை நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த நாற்காலியை நான் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. அனுமதி கிடைத்த அன்றே அண்ணன் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அப்பா. தெரியாத விஷயத்தைப் பற்றிச் சாட்சியால் பொய் சொல்ல முடியாது, அதனால் எனக்குத் தெரியாமல் இருப்பதே எனக்குப் பாதுகாப்பு என்று நினைத்திருக்கிறார். அண்ணன் அங்கேயே தங்கிவிட்டான் என்று தெரிந்தால் தங்கையும் தங்கிவிடுவாள் என்று விசா மறுப்பார்கள் என்ற பயம். கோர்ட்டில் இப்படி எத்தனையோ சாட்சிகளை வக்கீல்கள் காப்பாற்றி அவர் பார்த்திருக்கிறார். அங்கே சாட்சி சொல்வதைத்தான் கேட்பார்கள். இங்கே சாட்சி வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாம் அவர்கள் திரையில் இருக்கும் என்பது அவர் அனுபவத்தில் இல்லாத ஒன்று.

"அது மட்டும்தானா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "அம்மா போனப்ப அவனோட விண்ணப்பம் நிலுவையில இருந்துச்சு. நாட்டை விட்டு வெளிய வந்தா அதோட போச்சு, மறுபடி உள்ள போகவும் முடியாது. டிக்கெட் கிடைக்கலங்கறது பொய். என்கிட்டயும் அன்னைக்கு அதைத்தான் சொன்னான். இப்பத்தான் அழுதுகிட்டே உண்மையச் சொன்னான். உனக்குத் தெரிஞ்சா நீ அவன்கூடப் பேசமாட்டே. எனக்கு ரெண்டு பேரும் வேணும்மா."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. செல்பேசியைப் பிடித்திருந்த அந்தக் கைகள் ஞாபகம் வந்தன. அம்மாவை இரண்டு வருடம் வாழ வைத்த மருந்தும் அதே ஊரிலிருந்துதான் வந்தது. இதை எந்தத் தராசில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

விளக்கத்தை அப்பாதான் எழுதித் தர வேண்டும். அடுத்த நேர்காணல் தேதிக்கும் பல்கலைக்கழகம் தந்த கெடுவுக்கும் நடுவில் ஒரு வாரம்கூட இல்லை. அவர் முதலில் மறுத்தார். தப்புத் தகவல் தந்தேன் என்று கையெழுத்துப் போட்டால் அது தன் வேலையில் வந்து நிற்குமோ என்ற பயம் ஒன்று. இன்னொன்றை அவர் சொல்லவில்லை. அவர் எழுதாவிட்டால் என்னால் போக முடியாது. பேனா அவர் கையில் இருந்தது. இரண்டு நாள் அது மேசைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது, உறுதிமொழிப் பத்திரம் கையெழுத்தோடு என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மற்றவர்களின் வாக்குமூலத்தை எழுதி எழுதிப் பழகிய அதே அழகான கையெழுத்து. என் மகளுக்கு இது தெரியாது, நானும் என் மகனும் மறைத்தோம் என்று ஆரம்பித்தது. அண்ணன் தன் அனுமதி நகலையும் அனுப்பியிருந்தான், ஒரு வார்த்தைகூட எழுதாமல்.

அந்த வாரம் முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் மேடம் எனக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இந்தத் தடவை நானே கத்துக்கறேன். எனக்கு எந்த யூனிவர்சிட்டியும் சீட்டுத் தராது, மூட்டுவலி வேற. எங்கயும் போகமாட்டேன்" என்றார். குமிழியை வெளியேற்றக் கற்றுக்கொண்டார். கோடு நேராவதற்குள் பொறுமை இழந்து பொத்தானை அழுத்தினார். மூன்று மாதிரிகள் வீணாயின. இன்னும் இரண்டு வருடத்தில் அவர் ஓய்வு பெறுகிறார் என்பதை நாங்கள் இருவருமே பேசவில்லை.

நேர்காணலுக்கு முந்தின மாலை அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. சன்னலோரம் நின்றார். எதிர்வீட்டுக் கேட் திறந்தே கிடந்தது.

"அந்தக் கேள்விக்கு என்ன சொல்லப் போறே?" என்றார்.

"தெரியாதுன்னு சொன்னா?"

"நாளைக்கு என்ன ஆகும்னு கேட்டா தெரியாது. அவங்க கேக்கறது எண்ணத்த, ஜாதகத்த இல்ல. இன்னைக்கு உன் மனசுல என்ன இருக்கு?"

இத்தனை நாளில் அவர் என்னிடம் உண்மையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. உறை போட்ட இயந்திரம் நினைவுக்கு வந்தது. அங்கே உள்ள ஆய்வகத்தின் படங்களும் வந்தன. அவற்றை நான் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்திருந்தேன். ரத்தாகப் போகும் என் இடம், இந்த மேசை, இரண்டே இரண்டு தட்டு, நாளை ஒன்று. கோடு நேராகட்டும் என்று காத்திருந்தேன்.

"வரணும்னுதான் இருக்குப்பா" என்றேன். சொன்னபோது அது உண்மையாக இருந்தது.

அப்பா தலையாட்டினார். எதிர்வீட்டுக் கேட்டையே பார்த்தார்.

"உங்க அண்ணனும் அன்னைக்கு இதைத்தான் சொன்னான். அவனும் பொய் சொல்லல" என்றார்.

மறுநாள் வேறொரு அதிகாரி, நடுவயதுப் பெண். அப்பாவின் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். திரும்பி வருவீர்களா என்றார். இன்று எனக்கு அந்த எண்ணம்தான் இருக்கிறது என்றேன். வேலை இருக்கிறதா என்றார். இப்போது இருக்கிற வேலை நான் போனதும் இருக்காது, ஆனால் தண்ணீர் இருக்கும், அதைப் பரிசோதிக்க ஆள் தேவைப்படும் என்றேன். தந்தை? ஆம், தனியாகத்தான் இருப்பார் என்றேன். அங்கே குரல் நடுங்கியது. ஒத்திகையில் ஒரு தடவையும் நடுங்கியதில்லை. அவர் ஏதோ தட்டச்சு செய்தார். கண்ணாடிக்கு அப்பால் என் பாஸ்போர்ட்டை ஒரு கூடைக்குள் போட்டார்.

வெளியே வெயில். தேநீர்க்கடைப் பெஞ்சில் எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்தார். என் கைகளைப் பார்த்தார், முதலில் வலது, பிறகு இடது. சாலையைக் கடக்கும்வரை நான் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தேன். பக்கத்திலிருந்தவர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். அவர் எல்லோரிடமும் தலையாட்டினார். கடைக்காரர் கோப்பையை நீட்டி முழு விலை சொன்னார். அப்பா பணத்தைக் கொடுத்துக் கோப்பையை வாங்கினார்.

கோப்பையை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டியபோது, அவர் அதைத் தராமல் என் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டார். தேநீர் ஆறும்வரை விடவில்லை.